புகைப்பவரின் குடலில் ஒளிந்திருக்கும் பாலிப்

“புகை நுரையீரலுக்குத்தானே சார் போகுது, குடலுக்கு எப்படிப் போகும்?”

இப்படி ஒருவர் மருத்துவரிடம் கேட்டால் சிரிப்பதற்கில்லை. மருத்துவ உலகமே இந்தக் கேள்விக்கு உறுதியான பதிலைச் சொல்லப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொண்டது. கேட்டவருக்குச் செல்வம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயது 47, நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுகிறார். 19 வயதில் பீடியில் தொடங்கி, பிறகு சிகரெட்டுக்கு மாறியவர். செல்வம் நாம் கற்பனை செய்துகொண்ட மனிதர்தான். ஆனால் அவருக்காக நாம் போடப்போகும் கணக்கு நம் தெருவில் பலருக்குப் பொருந்தும்.

செல்வத்துக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் இல்லை. மலத்தில் ரத்தம் இல்லை, எடை குறையவில்லை. இந்த வயதில், இந்தப் பழக்கத்தோடு, எந்தத் தொந்தரவும் இல்லாத நிலையிலேயே அவர் தன் குடலைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா? வேண்டும் என்றால் எந்தப் பரிசோதனை? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. புகைப்பவர்களுக்கு முக்கியமான பதில் அங்கேதான் இருக்கிறது.

பாலிப் என்கிற முளை

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய். வலது இடுப்புப் பக்கம் தொடங்கி மேலேறி, வயிற்றின் குறுக்காக இடப்பக்கம் சென்று, கீழிறங்கி மலக்குடலில் முடிகிறது. இதன் உள்சுவரைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை பிறந்துகொண்டே இருக்கும். இவ்வளவு வேகமாகச் செல்கள் பிரியும் இடத்தில் பிழைகளும் சேரும். பிழை சேர்ந்த செல்கள் உதிராமல் ஓரிடத்தில் குவிந்தால் அங்கே ஒரு முளை உண்டாகும். அதுதான் பாலிப்.

பெரும்பாலான பாலிப்கள் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பகுதி ஏதோ ஒரு பாலிப்பிலிருந்துதான் தொடங்குகிறது. சிறு முளை பெரிதாகிப் புற்றாவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ பிடிக்கிறது. அந்த இடைவெளியில் அதைக் கண்டுபிடித்து அறுத்து எடுத்துவிட்டால் அந்த இடத்தில் நோய் வராமலே தடுக்கலாம். நோயை ஆரம்பத்தில் பிடிக்கும் பரிசோதனைகள் பல உண்டு. நோய் உருவாவதற்கு முன்பே அதன் வேரைக் கிள்ளிவிடும் வாய்ப்பு தருவது சிலவே. குடல் பரிசோதனை அந்தச் சிலவற்றில் ஒன்று.

பாலிப்களில் இரண்டு குடும்பங்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது அடினோமா. இதற்குப் பெரும்பாலும் காளான் போல ஒரு காம்பும் குடையுமோ, திட்டவட்டமான மேடோ இருக்கும். இரண்டாவது ரம்பப்பல் பாலிப். நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் சுரப்பிகளின் உள்விளிம்பு ரம்பத்தின் பல் போல வெட்டுப்பட்டுத் தெரிவதால் இந்தப் பெயர். இவற்றிலும் மலக்குடலில் வரும் மிகச் சிறியவை பெரும்பாலும் தீங்கற்றவை. வலப்பக்கப் பெருங்குடலில் தட்டையாகப் படர்ந்திருக்கும் வகைதான் கவலைக்குரியது. செல்வத்தின் கதையில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

புகை போகும் வழி

செல்வத்தின் கேள்விக்கு நேரான பதில்: புகை நுரையீரலோடு நிற்பதில்லை. நுரையீரலின் மெல்லிய பைகளிலிருந்து அதன் நச்சுப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகின்றன. எச்சிலோடும், மூச்சுக்குழாயிலிருந்து மேலே வரும் சளியோடும் கலந்து வயிற்றுக்குள்ளும் இறங்குகின்றன. ஆக, குடலுக்கு ரத்தத்தின் வழி ஒன்று, உணவுப்பாதையின் வழி ஒன்று என இரண்டு வாசல்கள்.

புகையிலைப் புகையில் புற்றுநோயை உண்டாக்கும் வேதிப்பொருள்கள் அறுபதுக்கும் மேல் உண்டு. அவற்றில் சில செல்லின் மரபணு இழையில் ஒட்டிக்கொண்டு, செல் பிரியும்போது தவறான படியெடுப்புக்குக் காரணமாகின்றன. புகைப்பவர்களின் குடல் சவ்விலேயே இப்படி ஒட்டிய மரபணுக்களை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஐம்பது ஆண்டு தாமதம்

புகைப்பழக்கத்தால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை வெளியிட்டது 1964இல். பெருங்குடல் புற்றுநோய்க்கும் அதே பழக்கம் காரணம் என்று அதே அலுவலகத்தின் அறிக்கை உறுதியாகச் சொன்னது 2014இல். நடுவே சரியாக ஐம்பது ஆண்டுகள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலையால் வரும் புற்றுநோய்களின் பட்டியலில் பெருங்குடலைச் சேர்த்ததும் 2009இல்தான்.

ஏன் இவ்வளவு தாமதம்? ஒரு காரணம் காலம். 1994இல் அமெரிக்காவில் ஆண் மருத்துவப் பணியாளர்களையும் செவிலியர்களையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் வெளியாயின. கடந்த இருபது ஆண்டுகளில் புகைத்தது சிறிய அடினோமாக்களோடு தொடர்புபட்டிருந்தது. புற்றுநோயோடு தொடர்புபட்டதோ, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு புகைத்த பழக்கம். விதை விழுந்ததற்கும் மரம் தெரிந்ததற்கும் இடையே அவ்வளவு காலம். இருபது ஆண்டு மட்டும் பார்த்துவிட்டுக் கணக்கை முடித்த பழைய ஆய்வுகளுக்கு ஒன்றும் தென்படாததில் வியப்பில்லை.

இன்னொரு காரணம் ஒப்பீட்டிலேயே ஒளிந்திருந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த இரண்டு கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்தால் ஒரு புதிர் தெரியும். புகைப்பவர்களுக்கு அடினோமா இருக்கும் வாய்ப்பு புகைக்காதவர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் ஒரு காலத்திலேனும் புகைத்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு 18 சதவீதம்தான் அதிகம். பாலிப் இரட்டிப்பாகும்போது புற்றுநோய் ஏன் இவ்வளவு குறைவாக ஏறுகிறது?

பாலிப் ஆய்வில் கலந்துகொண்ட எல்லோருக்கும் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். “பாலிப் இல்லாதவர்” என்று எழுதப்பட்டவரின் குடல் உண்மையிலேயே சுத்தம். புற்றுநோய் ஆய்வுகளில் நோயாளிகளோடு ஒப்பிடப்பட்ட “நலமானவர்கள்” பலருக்குக் குடலைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்குள் பாலிப்போடு நடமாடியவர்களும், அவர்களில் புகைப்பவர்களும் கலந்திருந்தார்கள். ஒப்பிடும் கூட்டமே கலப்படமானால் வித்தியாசம் மங்கித்தான் தெரியும். எல்லாப் பாலிப்பும் புற்றாக மாறாது என்பதும் இன்னொரு விளக்கம்.

இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நுரையீரலுக்குப் புகை செய்யும் கேடு பல மடங்கு. குடலுக்குச் செய்வது அதைவிடச் சிறியது. ஒவ்வொரு புகைப்பவருக்கும் குடல் புற்றுநோய் வரும் என்று சொல்வது பொய். வரும் வாய்ப்பு கூடுகிறது, வரும் விதமும் மாறுகிறது. நாம் பார்க்க வேண்டியது அந்த மாறும் விதத்தைத்தான்.

மெய்ப்புத் திருத்துபவர் வரவில்லை

அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர் ஒருவர் இருப்பார். எழுத்துக் கோக்கும்போது விழும் பிழைகளைக் கண்டு திருத்துவது அவர் வேலை. நம் செல்களிலும் அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. மரபணு படியெடுக்கப்படும்போது நேரும் சிறு பிழைகளைத் திருத்தும் புரதங்களில் ஒன்றை எம்எல்எச்-1 என்ற மரபணு உண்டாக்குகிறது.

ரம்பப்பல் பாலிப்பில் இந்த மரபணு உடைவதில்லை. அதன் வாசலில் சிறு வேதிப் பூட்டுகள் வந்து தொங்கி, அது வாயடைத்துப் போகிறது. மெய்ப்புத் திருத்துபவர் உயிரோடு இருக்கிறார், ஆனால் அச்சகத்துக்குள் வர முடியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு படியிலும் பிழை சேர்ந்துகொண்டே போகும். இந்தப் பாதையில் வரும் புற்றுநோயில் பிராஃப் என்ற இன்னொரு மரபணுவிலும் பெரும்பாலும் மாற்றம் இருக்கும்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1986இல் தொடங்கி ஆயிரக்கணக்கான பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. அவர்களில் குடல் புற்றுநோய் வந்தவர்களின் கட்டித் துணுக்குகளை வகை பிரித்துப் பார்த்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். திருத்தும் ஏற்பாடு செயலிழந்த புற்றுநோய் வகை, புகைத்த பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு வந்திருந்தது. திருத்தும் ஏற்பாடு சரியாக வேலை செய்த வகைக்கும் புகைக்கும் குறிப்பிடும்படியான தொடர்பு இல்லை. ரம்பப்பல் பாலிப்களைப் பற்றிய ஆய்வுகளின் தொகுப்பும் இதையே சொல்கிறது. இப்போது புகைப்பவர்களுக்கு இந்த வகை ஏறத்தாழ இரண்டரை மடங்கு. வலப்பக்கத்துத் தட்டை வகையை மட்டும் எடுத்தால் மூன்று மடங்குக்கும் மேல்.

ஆக, புகை குடல் முழுவதையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட வகை முளையை அதிகம் வளர்க்கிறது. அந்த முளைதான் கண்ணுக்கும் பரிசோதனைக்கும் எளிதில் சிக்காத வகை.

ரத்தம் கசியாத பாலிப்

பல நாடுகளில் குடல் பரிசோதனை வீட்டிலேயே தொடங்குகிறது. ஃபிட் என்ற மலப் பரிசோதனைக்கு ஒரு சிறு குச்சியால் மலத்தைத் தொட்டு, குப்பியில் அடைத்து அனுப்பினால் போதும். கண்ணுக்குத் தெரியாத அளவு மனித ரத்தம் அதில் இருந்தாலும் காட்டிக்கொடுக்கும். பத்தியம் தேவையில்லை. சிங்கப்பூரில் 50 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இதைச் செய்யச் சொல்கிறார்கள். அங்கே இருக்கும் நம் உறவினர்கள் பலர் இந்தப் பொட்டியைப் பார்த்திருப்பார்கள்.

இதன் அடிப்படை ஒன்றே ஒன்று: முளை ரத்தம் கசிய வேண்டும். காம்போடு நீட்டிக்கொண்டிருக்கும் பெரிய அடினோமா, மலம் உரசிச் செல்லும்போது கசியும். சுவரோடு சுவராகப் படர்ந்திருக்கும் தட்டைப் பாலிப் அப்படிக் கசிவதில்லை.

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ பத்தாயிரம் பேருக்கு ஃபிட்டும் கொலோனோஸ்கோபியும் இரண்டும் செய்து ஒப்பிட்ட ஆய்வு 2014இல் வந்தது. புற்றுநோய் இருந்த 100 பேரில் 74 பேரை ஃபிட் கண்டுபிடித்தது. புற்றாக மாறும் வாய்ப்புள்ள பெரிய முளைகள் இருந்தவர்களில் 100க்கு 24 பேரை. ஒரு சென்டிமீட்டரும் அதற்கு மேலும் உள்ள தட்டை ரம்பப்பல் பாலிப் இருந்தவர்களில் 100க்கு 5 பேரை மட்டும்.

புகைப்பவர் இந்தக் கடைசி எண்ணைத்தான் கவனிக்க வேண்டும். புகை அதிகம் வளர்க்கும் அந்த வகையை ஒரு முறை செய்யும் ஃபிட் இருபதில் ஒன்றுதான் பிடிக்கிறது. “மலம் கொடுத்துப் பார்த்தாச்சு, ஒண்ணுமில்லைன்னு வந்திருச்சு” என்பது புகைக்காத ஒருவருக்குத் தரும் ஆறுதலை நீண்ட காலம் புகைத்தவருக்குத் தராது. ஃபிட் பயனற்றது என்பது இதன் பொருள் அல்ல. ஆண்டுதோறும் தவறாமல் செய்தால் புற்றுநோயைப் பிடிக்கும் வாய்ப்பு கூடும். வேறு வசதி இல்லாத இடத்தில் ஒன்றுமே செய்யாமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஃபிட் ஒருமுறை “உண்டு” என்று காட்டிவிட்டால், மறுபடி மலம் கொடுத்துப் பார்ப்பது தவறு. அடுத்த படி கொலோனோஸ்கோபிதான்.

குடலின் இடது கீழ்ப்பகுதியை மட்டும் பார்க்கும் சிறிய குழாய்ப் பரிசோதனைக்கும் இதே குறை உண்டு. தட்டைப் பாலிப் குடியிருப்பது வலப்பக்கம். அந்தக் குழாய் அங்கே எட்டாது.

செல்வத்தின் புள்ளிக்கணக்கு

இனி செல்வத்துக்கு வருவோம். முதலில் அவர் எவ்வளவு புகைத்திருக்கிறார் என்று அளக்க வேண்டும். மருத்துவர்கள் இதற்குப் “பாக்கெட் ஆண்டு” என்ற அளவை வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 20 சிகரெட் என்ற கணக்கில் ஓராண்டு புகைத்தால் அது ஒரு பாக்கெட் ஆண்டு. நம் கடைகளில் பத்து சிகரெட் பெட்டிதான் அதிகம் கிடைக்கும், பலர் சில்லறையாகவே வாங்குவார்கள். அதனால் பெட்டியை எண்ணாமல் சிகரெட்டை எண்ணுவது நல்லது.

செல்வம் கடந்த 20 ஆண்டுகளாக நாளுக்கு 15 சிகரெட் புகைக்கிறார். 15ஐ 20ஆல் வகுத்து, 20 ஆண்டால் பெருக்கினால் 15 பாக்கெட் ஆண்டுகள். அதற்கு முன் 8 ஆண்டுகள் நாளுக்கு 20 பீடி. இங்கேதான் சிக்கல். பீடியில் புகையிலை சிகரெட்டைவிடக் குறைவு. ஆனால் அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், நச்சுப்பொருள்கள் குறைவாக உள்ளே போகின்றன என்று சொல்ல முடியாது. ஆய்வாளர்கள் சிலர் ஒரு பீடியை ஒரு சிகரெட்டாக எண்ணுகிறார்கள். சிலர் பாதியாக, சிலர் கால் பங்காக எண்ணுகிறார்கள். ஒன்றுக்கு ஒன்று என்றால் செல்வத்தின் மொத்தம் 23. பாதி என்றால் 19. கால் என்றால் 17.

இந்த வித்தியாசம் வெறும் கணக்கு விளையாட்டு அல்ல. அமெரிக்கக் குடல் இரைப்பை மருத்துவர்களின் கல்லூரி 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, 20 பாக்கெட் ஆண்டுக்கு மேல் புகைத்தவர்களுக்குப் பரிசோதனையை முன்கூட்டியே தொடங்குவது பற்றிப் பேசியது. எல்லோருக்கும் பொதுவாகச் செய்யச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் இல்லை, மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று விட்டுவிட்டது. செல்வம் அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறார். பீடியை எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து அவர் கோட்டுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விழுவார். இப்படிப்பட்ட இடத்தில் கோட்டை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாமல், கூடக்குறைய அருகில் இருப்பவரையும் உள்ளே சேர்த்து யோசிப்பதே நியாயம்.

அடுத்தது ஆசியர்களுக்கென்றே செய்யப்பட்ட ஒரு புள்ளி அட்டவணை. ஆசியாவின் 11 நகரங்களின் தரவுகளை வைத்து உருவான ஆசிய பசிபிக் குடல் பரிசோதனை மதிப்பெண் 2011இல் வெளியானது. கணக்கு எளிது. வயது 50க்குக் கீழ் என்றால் புள்ளி இல்லை, 50 முதல் 69 வரை 2, 70க்கு மேல் 3. ஆணுக்கு 1, பெண்ணுக்கு இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால் 2. இப்போதோ முன்போ புகைத்திருந்தால் 1. மொத்தம் 0, 1 வந்தால் சராசரி ஆபத்து. 2, 3 வந்தால் நடுத்தரம். 4 முதல் 7 வரை அதிகம்.

இந்த அட்டவணையைச் சரிபார்த்தபோது, சராசரிக் கூட்டத்தில் 1,000 பேருக்கு 13 பேரிடம் பெரிய முளையோ புற்றுநோயோ இருந்தது. நடுத்தரக் கூட்டத்தில் 32 பேர். அதிக ஆபத்துக் கூட்டத்தில் 52 பேர்.

செல்வத்துக்கு வயதுக்குப் புள்ளி இல்லை, ஆண் என்பதற்கு 1, புகைக்கு 1. மொத்தம் 2, நடுத்தரம். புகையே தொடாத அவர் வயது நண்பருக்கு 1, சராசரி. இப்போது ஐம்பது வயதுள்ள, புகைக்காத ஒரு பெண்ணை எடுங்கள். வயதுக்கு 2, மொத்தம் 2. பரிசோதனையைத் தொடங்கும் வயது என்று பல நாடுகள் வைத்திருப்பது 50 அல்லது 45. அந்த வயதுப் பெண்ணுக்கு உள்ள அதே புள்ளி, 47 வயதுச் செல்வத்துக்குப் புகையால் முன்கூட்டியே வந்துவிட்டது. மூன்று ஆண்டு கழித்து அவர் 50ஐத் தொட்டதும் புள்ளி 4. அவர் நண்பருக்கு அன்றைக்கும் 3தான். செல்வத்தின் அப்பாவுக்குக் குடல் புற்றுநோய் வந்திருந்தால், இன்றைக்கே அவருக்குப் புள்ளி 4.

அட்டவணைக்கும் குறை உண்டு. ஐந்தாண்டு புகைத்து விட்டவருக்கும் முப்பதாண்டு புகைத்தவருக்கும் அது ஒரே 1 புள்ளிதான் தருகிறது. 30 வயதையும் 49 வயதையும் ஒன்றாகவே பார்க்கிறது. அதனால்தான் புள்ளியையும் பாக்கெட் ஆண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சட்டமாக ஏன் இல்லை?

2018இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும், 2021இல் அந்நாட்டு நோய்த்தடுப்புக் குழுவும் பரிசோதனை தொடங்கும் வயதை எல்லோருக்கும் 50லிருந்து 45க்குக் குறைத்தன. புகைப்பவர்களுக்கென்று தனி வயதை அவர்கள் வைக்கவில்லை. 2014இல் தைவான் ஆய்வாளர்கள், வளர்சிதை மாற்றக் கோளாறும் புகைப்பழக்கமும் உள்ள ஆண்களுக்கு 50க்கு முன்பே தொடங்குவது நியாயமாக இருக்கலாம் என்று வாதிட்டார்கள். அமெரிக்க மருத்துவமனைகளின் பெரிய தரவுத்தொகுப்பு ஒன்றில், புகைப்பவர்களுக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் முன்கூட்டியே குடல் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. குடியும் சேர்ந்தால் அது ஏறத்தாழ எட்டாண்டு.

இவை எல்லாமே கவனித்துப் பதிந்த தரவுகள். புகைப்பவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு முன்கூட்டியே பரிசோதனை செய்து, அதனால் எத்தனை உயிர் காப்பாற்றப்பட்டது என்று எண்ணிப் பார்த்த ஆய்வு இல்லை. அது இல்லாமல் வழிகாட்டிகள் சட்டம் போடத் தயங்குகின்றன.

இந்தியாவில் நிலைமை வேறு. அரசின் தொற்றா நோய்த் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குப் பரிசோதனை செய்கிறது. குடலுக்கு இல்லை. குடல் புற்றுநோய் இங்கே மேலைநாடுகளைவிடக் குறைவு என்பதே காரணம். ஆக, நம் ஊர்ப் புகைப்பவரைக் கூப்பிட்டு யாரும் கடிதம் அனுப்பப்போவதில்லை. மருத்துவரிடம் பேச்சை அவரேதான் தொடங்க வேண்டும்.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதுவரை பேசியது தொந்தரவே இல்லாதவருக்கான பரிசோதனை. மலத்தில் ரத்தம், காரணம் தெரியாத ரத்தசோகை, மலம் கழிக்கும் பழக்கத்தில் சில வாரங்களாகத் தொடரும் மாற்றம் இவற்றில் ஏதேனும் இருந்தால் வயதும் புள்ளியும் பார்க்க வேண்டியதில்லை. நேராக மருத்துவரிடம் போக வேண்டும். ரத்தம் வந்தால் மூலம் என்று தாமே முடிவுகட்டி மாதக்கணக்கில் மூலிகை சாப்பிடுவது நம் ஊரில் நடக்கும் பெரிய தவறு. மூலமும் புற்றும் ஒரே ஆளுக்கு இருக்கலாம். வலப்பக்கக் கட்டியோ ரத்தத்தைக் காட்டாமலே கசிந்து, சோர்வும் மூச்சு வாங்குதலுமாகத்தான் வெளிப்படும்.

குழாய் உள்ளே போகும் நாள்

செல்வமும் மருத்துவரும் பேசி, கொலோனோஸ்கோபி செய்வது என்று முடிவெடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் பரிசோதனையின் வெற்றி தோல்வி பாதிக்கு மேல் முதல்நாள் வீட்டிலேயே தீர்மானமாகிவிடும்.

தட்டைப் பாலிப் வெளிறிய நிறம் கொண்டது, விளிம்பு தெளிவாக இராது, பெரும்பாலும் சளிப் போர்வை போர்த்திக்கொண்டிருக்கும். குடலில் கொஞ்சம் மலம் மிச்சமிருந்தாலும் அதனடியில் மறைந்துவிடும். அதனால் கீரை, விதையுள்ள பழம், முழுத்தானியம் எல்லாம் முன்கூட்டியே நிறுத்தப்பட வேண்டும். பேதி மருந்தை ஒரே தவணையாகக் குடிக்காமல், பாதியை முதல்நாள் மாலையும் பாதியைப் பரிசோதனை நாள் விடியற்காலையும் குடிப்பது வலப்பக்கத்தை நன்றாகச் சுத்தமாக்கும். லாரி ஓட்டிவிட்டு வந்த அலுப்பில் செல்வம் இரண்டாம் பாதியைக் குடிக்காமல் விட்டால், குழாய் போகும், ஆனால் பார்க்க வேண்டிய இடம் தெரியாது. கழிவது கடைசியில் தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். பழுப்பாகவே இருந்தால் அதை மருத்துவமனையில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பரிசோதனையில் குழாய் பெருங்குடல் தொடங்கும் இடம்வரை போய்ச் சேர்ந்ததா என்பது முதல் கேள்வி. திரும்பி வரும்போதுதான் உண்மையான தேடல் நடக்கிறது. பாலிப் எடுக்கும் நேரத்தைச் சேர்க்காமலே குறைந்தது ஆறு நிமிடம் அதற்குச் செலவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் தமக்கே வகுத்துக்கொண்ட அளவு. சளிப் போர்வையை நீரால் கழுவி, மடிப்புகளை விரித்துப் பார்ப்பது இதில் அடக்கம். அறிக்கையில் குடல் சுத்தம் எப்படி இருந்தது, குழாய் கடைசிவரை போனதா என்ற இரண்டு வரிகள் இருக்க வேண்டும். இல்லாத அறிக்கையில் “பாலிப் இல்லை” என்ற சொல்லுக்கு எடை குறைவு.

செல்வத்துக்கு வலப்பக்கத்தில் 12 மில்லிமீட்டர் அளவுள்ள தட்டை ரம்பப்பல் பாலிப் ஒன்று தெரிந்தது என்று வைத்துக்கொள்வோம். அதனடியில் திரவம் செலுத்தி மேலே தூக்கி, கம்பிச் சுருக்கால் சுற்றி எடுத்துவிடுவார்கள். வலி தெரியாது. எடுத்ததைப் பயாப்ஸிக்கு அனுப்புவார்கள். ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. குடலில் ஓட்டை விழுவது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. பெரிய பாலிப் எடுத்த இடத்தில் சில நாள் கழித்து ரத்தம் வருவது அதைவிட அதிகம். கடும் வயிற்றுவலியோ ரத்தப்போக்கோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். இந்த ஆபத்துக் கணக்கால்தான் முப்பது வயதுப் புகைப்பவருக்கெல்லாம் குழாய் விட யாரும் சொல்வதில்லை.

அடுத்த பரிசோதனை எப்போது? அமெரிக்க வழிகாட்டியின்படி, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிய இந்த வகைப் பாலிப் எடுத்தவர் மூன்று ஆண்டில் மறுபடி வர வேண்டும். ஒன்றுமே இல்லாதவருக்குப் பத்து ஆண்டு.

விட்டால் என்ன ஆகும்?

“இப்போ விட்டா மட்டும் இருபத்தெட்டு வருசப் புகை போயிடுமா சார்?” என்று செல்வம் கேட்பார். உடனே போகாது. அமெரிக்காவில் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வில், புகையை விட்டு ஆண்டுகள் கூடக்கூடக் குடல் புற்றுநோய் ஆபத்து படிப்படியாகக் குறைந்தது. நாற்பது வயதுக்கு முன் விட்டவர்களிடம் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. விட்டு முப்பது ஆண்டைக் கடந்தவர்களிடமும் அப்படியே. செல்வம் நாற்பதைத் தாண்டிவிட்டார். அவருக்குச் சரிவு மெதுவாகத்தான் இருக்கும், அந்தச் சரிவின் நீளம் முழுவதும் அவர் குடலைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். “நான்தான் விட்டுட்டேனே” என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுவது, புகையை விட்டவர்கள் செய்யும் வழக்கமான தவறு.

மருத்துவமனைச் சீட்டில் பழக்கம் என்ற இடத்தில் பெரும்பாலும் “புகைப்பவர்” என்று ஒரே ஒரு சொல் எழுதப்பட்டிருக்கும். குடலைப் பொறுத்தவரை அந்தச் சொல்லால் பயன் குறைவு. எந்த வயதில் தொடங்கினார், நாளுக்கு எத்தனை, பீடியா சிகரெட்டா, விட்டிருந்தால் எந்த ஆண்டு, குடும்பத்தில் யாருக்காவது எந்த வயதில் குடல் புற்றுநோய் வந்தது என்ற விவரங்கள் சேர்ந்தால்தான் முடிவெடுக்க முடியும். அடுத்த முறை சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை வாங்கப் போகும்போது செல்வம் இதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கலாம்: 19 வயதில் பீடி, 8 ஆண்டு, நாளுக்கு 20. பிறகு சிகரெட், 20 ஆண்டு, நாளுக்கு 15. குடும்பத்தில் யாருக்கும் இல்லை. மருத்துவர் அதைப் படித்ததும் கேட்கும் அடுத்த கேள்வி நுரையீரலைப் பற்றியதாக மட்டும் இருக்காது.